மருமகளுக்கு முதல் கடிதம்

ஜொகூரில் ஒரு தமிழ்ப் பெண் மருமகளாவது பெரும்பாலும் ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. முதலில் பதிவு, சில வாரமோ சில மாதமோ கழித்துத் தாலி என்பதே பல குடும்பங்களின் வழக்கம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதன்பிறகு கோயிலில் தாலி ஏறியது மட்டும் சட்டத்துக்குப் போதாது, பதிவும் வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பம் கொடுத்து, 21 நாள் அறிவிப்புக் காலம் முடிந்த பிறகு கையெழுத்திட்டுவிட்டு, நல்ல நாளுக்கும் மண்டபத்துக்கும் காத்திருப்பார்கள். உதவிப் பதிவாளர் இருக்கும் கோயிலில் இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொள்பவர்களும் உண்டு.

ஆகவே சட்டப்படி உங்கள் மகனின் மனைவியாகிவிட்ட பெண், உங்கள் வீட்டு வாசலை இன்னும் மிதிக்காமல் அவள் அம்மா வீட்டிலேயே இருக்கும் காலம் ஒன்று இருக்கிறது. வரவேற்புக் கடிதத்தை அப்போதே அனுப்பிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்த வாரங்களில் சேலை, மண்டபம், சாப்பாடு, யார் யாருக்கு அழைப்பு என்று இரண்டு குடும்பமும் பேசிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து வரும் எந்தத் தாளும் கல்யாணப் பேச்சின் ஒரு பகுதியாகத்தான் படிக்கப்படும். அவள் அம்மா படிப்பார், சித்தி படிப்பார், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொருள் சொல்வார்கள். கல்யாண நாளிலும் கொடுக்க வேண்டாம். மேடையில் படிக்கப்படும் வாழ்த்துமடல் ஊருக்கானது. இந்தக் கடிதம் ஒருத்திக்கு மட்டும் உரியது.

சரியான நாள், மறுவீட்டு விருந்து முடிந்து இருவரும் திரும்பி வந்து, தங்கியிருந்த உறவினர்களும் புறப்பட்டுப் போன பிறகு வரும் முதல் அமைதியான நாள். தனி வீடு எடுத்துப் போகிறார்கள் என்றால், அவர்கள் முதல்முறை உங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கும் நாள். அதற்குள் அவள் உங்கள் சமையலறையை ஒருமுறை பார்த்திருப்பாள், சில கேள்விகள் மனத்தில் எழுந்திருக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

கடிதத்தை நீங்களே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. எழுதப் படிக்க வராது என்றால் சொல்லச் சொல்ல எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது உங்கள் மகனாக இருக்கக் கூடாது. மகன் கையெழுத்தில் வந்தால், எது அம்மா சொன்னது, எது அவன் மெழுகிப் பூசியது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் கல்யாணமாகாத நாத்தனார் இருந்தால் அவரும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்ணோ கோயிலில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையோ போதும், வாய் காப்பவராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

தமிழில் கடித நூல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் மு. வரதராசன். 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்று எழுதினார். மருமகளுக்கு எழுதும் மாமியாருக்கு அந்த வரிசையில் இடமில்லை. முன்மாதிரி கையில் இல்லாததால், பேனா எடுக்கும் மாமியார்கள் கல்யாண மேடையில் கேட்ட வாக்கியங்களையே எழுதிவிடுகிறார்கள். எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொண்ட குடும்பம்தான், ஆனால் ஜொகூரில் இருப்பவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

கூலாயில் ஒரு தெரஸ் வீடு. அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பிறகு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்கு லாரி ஓட்டி ஓட்டி முழங்கால் தேய்ந்துவிட்டது. மூத்த மகள் சிரம்பானில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். மகன் சிங்கப்பூரில் தொழில்நுட்பர், தினமும் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து போய் வருபவர். மருமகள் சிகாமட்டுப் பெண். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள், இப்போது ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். அந்த அம்மா எழுதிய முதல் வரைவு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

"அன்பு மருமகளுக்கு, நீ எங்கள் வீட்டுக்கு மகாலட்சுமியாக வந்திருக்கிறாய். இனி நீ எனக்கு மருமகள் இல்லை, மகள். எங்கள் குடும்பம் மானத்தோடு வாழ்ந்த குடும்பம், அந்தப் பேரை நீதான் காப்பாற்ற வேண்டும். என் மகன் பசி தாங்க மாட்டான், அவனை நேரத்துக்குச் சாப்பிட வைக்க வேண்டும். அடுத்த வருஷம் இந்நேரம் என் கையில் ஒரு பேரனையோ பேத்தியையோ கொடுத்துவிடு. எதுவாக இருந்தாலும் என்னிடம் மனம் விட்டுப் பேசு."

இதில் கெட்ட எண்ணம் ஒரு சொல்லில்கூட இல்லை. ஆனால் ஒரு பென்சிலை எடுத்து வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போட்டுப் பாருங்கள். காப்பாற்ற வேண்டும், சாப்பிட வைக்க வேண்டும், கொடுத்துவிடு, பேசு. நான்கும் அவள் செய்ய வேண்டியவை. அந்த அம்மா தான் செய்யப்போவதாக எழுதியது ஒன்றுகூட இல்லை. வரவேற்பு என்று தலைப்பிட்டு வேலைப் பட்டியல் கொடுத்தது போல ஆகிவிட்டது. எந்த வரைவையும் இந்தப் பென்சில் சோதனைக்கு உட்படுத்துங்கள். 'நீ' என்று தொடங்கி 'வேண்டும்' என்று முடிபவை ஒரு பக்கம், 'நான்' என்று தொடங்கி 'செய்வேன்', 'செய்ய மாட்டேன்', 'செய்திருக்கிறேன்' என்று முடிபவை ஒரு பக்கம். இரண்டாவது பக்கம் கனத்திருந்தால்தான் கடிதத்தை மடிக்கலாம்.

மகாலட்சுமி என்ற சொல் ஏன் ஆபத்து என்று சிலர் கேட்பார்கள். அவள் வந்த நேரம்தான் வீட்டின் நல்ல காலத்துக்குக் காரணம் என்றால், மகனின் வேலை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படாமல் போனால் அதற்கும் அவள் வந்த நேரமே காரணமாகிவிடும். நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு வரும் யாராவது ஒருவர் அப்படிச் சொல்வார், அப்போது அவளுக்கு உங்கள் கடிதம் நினைவுக்கு வரும்.

'மருமகள் இல்லை, மகள்' என்பதையும் விட்டுவிடச் சொல்கிறேன். சிகாமட்டில் அவளுடைய அம்மா நன்றாக இருக்கிறார். அவர் இடத்தை நிரப்ப யாரும் தேவையில்லை. அதோடு, சிரம்பானிலிருந்து மூத்த மகள் வந்து காலை பத்து மணி வரை தூங்கும்போது நீங்கள் எழுப்ப மாட்டீர்கள். மருமகள் தூங்கினால் என்ன செய்வீர்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அந்த அளவுகோலால் நீங்கள் அளக்கப்படுவீர்கள். மருமகள் என்பதே மரியாதையான உறவு, அதை நன்றாகச் செய்தால் போதும்.

குழந்தை பற்றிய வரியை எடுத்துவிட வேண்டும் என்று இப்போது பெரும்பாலான தாய்மார்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் எடுத்துவிட்டு, 'குழந்தையைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன், அது உங்கள் விருப்பம்' என்று எழுதுகிறார்கள். அதுவும் கேட்டதாகத்தான் ஆகும். இந்தக் கடிதத்தில் அந்தப் பேச்சுக்கு எந்த வடிவத்திலும் இடம் கொடுக்காதீர்கள்.

கடைசி வரியான 'மனம் விட்டுப் பேசு' கேட்பதற்கு நல்லது, நடப்பதற்குக் கடினம். முப்பது ஆண்டு ஒரு வீட்டை ஆண்டவரிடம், வந்து இரண்டு வாரமான பெண் எதை மனம் விட்டுப் பேசுவாள்? முதலில் பேச வேண்டியவர் மூத்தவர். அவளிடம் கேட்பதற்குப் பதிலாக, வெளியே யாரிடமும் சொல்லாத வீட்டு விஷயம் ஒன்றிரண்டை நீங்களே எழுதிவிடுங்கள். பணம், சாமி அறை, அவள் அம்மா வீடு ஆகிய மூன்றும் அவளாகக் கேட்கத் தயங்குபவை. கடிதத்தின் நடுப்பகுதி முழுவதையும் இவற்றுக்கே கொடுக்கலாம்.

பணத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஜொகூர்க் குடும்பங்களில் பெரும்பாலான மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. பையன் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான் என்றால் அந்தச் சம்பளத்தை ரிங்கிட்டாக மாற்றிப் பார்த்து ஊரே கணக்குப் போடும். அதிலிருந்து மாதாமாதம் அம்மாவுக்கு ஒரு தொகை போகிறது என்பதை மனைவி எப்படித் தெரிந்துகொள்கிறாள்? பல வீடுகளில் வங்கிக் குறுஞ்செய்தியைத் தற்செயலாகப் பார்த்துத்தான். அன்றைக்கு அவள் மனத்தில் விழும் கேள்வி தொகையைப் பற்றியது அல்ல, ஏன் மறைத்தார்கள் என்பது. ஆகவே எவ்வளவு வாங்குகிறீர்கள், எதற்கு, எதுவரைக்கும் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். எழுதுமுன் மகனிடம் சொல்லுங்கள். கடிதத்தை அவன் படிக்க வேண்டியதில்லை, ஆனால் அவனுடைய பணத்தைப் பற்றி எழுதப்போவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் வேண்டாம் என்றால் தொகையை எழுதாமல், 'இந்தக் கணக்கை அவனே உன்னிடம் சொல்வான், சொல்லச் சொல்லியிருக்கிறேன்' என்று நிறுத்துங்கள். அவள் சம்பளத்தையும் நகையையும் பற்றி ஒரே வரி போதும். மணமான பெண் சொத்து வாங்கவும் வைத்துக்கொள்ளவும் விற்கவும் உரிமை உடையவள் என்று மலேசியாவின் 1957ஆம் ஆண்டு மணமான பெண்கள் சட்டமே சொல்கிறது. நகையைப் பத்திரத்துக்காக வாங்கி வைக்கிறேன் என்று நல்லெண்ணத்தில்கூட எழுத வேண்டாம்.

சாமி அறைப் பேச்சு இன்னும் நுட்பமானது. மாதவிலக்கு நாட்களில் விளக்கேற்றலாமா, சமையலறைக்குள் வரலாமா, அசைவம் எந்தெந்த நாளில் இல்லை, குலதெய்வத்துக்கு என்ன படைப்பது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். தோட்டத்து முனியாண்டிக்குக் கிடா வெட்டிப் பழகிய குடும்பத்துக்கும், கார்த்திகை மாதம் முழுவதும் முட்டைகூடச் சேர்க்காத குடும்பத்துக்கும் ஒரே நியாயம் இல்லை. இதைக் கட்டளையாக எழுதாமல், நீங்கள் செய்வது என்ன என்று சொல்லிவிட்டு, அவளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். 'உன் இஷ்டம்' என்று எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிட, 'இந்த ஒன்றில் மட்டும் எங்கள் வழக்கத்தை வைத்துக்கொள்கிறேன்' என்பது நேர்மையானது, அவளுக்கும் அது எளிது.

வீட்டு நேரத்தையும் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஜொகூரில் 2014 தொடக்கத்திலிருந்து வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறும் என்று மாறிவிட்டது. அந்தப் பதினோரு ஆண்டுகளில், அரசு வேலையில் இருப்பவருக்கு வெள்ளி விடுமுறை, பாலம் கடப்பவருக்கு ஞாயிறு விடுமுறை என்று ஒரே வீட்டில் இரண்டு வாரம் ஓடியது. பல குடும்பங்களில் வெள்ளிக்கிழமை பூசையும் உறவினர் வருகையும் அந்த அட்டவணையில் பழகிப்போயின. இப்போது அவளுக்கு வெள்ளி வேலை நாள். முன்பிருந்த மருமகளோ மகளோ வெள்ளி காலையில் வீடு கழுவி விளக்கு வைத்தாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இவளிடம் எதிர்பார்க்கக் கூடாது. மாற்றி வைத்துக்கொண்டதை எழுதிவிட்டால் அவளுக்குத் தயக்கம் தீரும்.

அம்மா வீட்டுக்குப் போவது பற்றி எழுதும்போது 'எப்போது வேண்டுமானாலும் போய் வா' என்ற பொதுவான வரி பயன்படாது. தீபாவளியைப் பற்றி எழுதுங்கள். தலைத்தீபாவளி பெண் வீட்டில் என்பது எல்லோருக்கும் தெரியும், சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. அதைப் பற்றி முதல் ஆண்டே ஒரு வரி எழுதி வைத்தால் பின்னால் நடக்கும் பேச்சு வார்த்தை பாதி குறையும்.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு கூலாய் அம்மா மறுபடியும் எழுதிய கடிதம் இது. பெயர் வரும் இடத்தைப் புள்ளியிட்டு விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் அவள் வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயரை, அவள் சம்மதம் கேட்டு எழுதலாம்.

"அன்புள்ள ........ ,

பெண் பார்க்க வந்த அன்று மாமா உட்காரப் போனபோது நீ தாழ்வான சோபாவை விட்டுவிட்டு, உயரமான நாற்காலி ஒன்றை நகர்த்திப் போட்டாய். அவருக்கு முழங்கால் மடங்காது என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. கூலாய் வந்து சேரும்வரை காரில் மாமா அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். நீ இந்த வீட்டுக்கு வந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

இங்கே சில விஷயங்களை நீ கேட்கத் தயங்குவாய் என்று நினைத்து நானே எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் கேட்கத் தயங்கியவள்தான்.

நடு அறை அலமாரி முழுவதும் உனக்கு. அதில் இருந்த என் சேலைகளை எடுத்துவிட்டேன். சமையலறையில் மேல் தட்டு எனக்கு எட்டாது, அதையும் நீ எடுத்துக்கொள்ளலாம்.

அவன் காலை நாலரைக்கு மோட்டாரை எடுப்பான். இத்தனை நாள் நான் எழுந்து காப்பி கலக்கிக் கொடுத்தேன், அது என் பழக்கம். இனி அந்த நேரத்தில் யார் எழுவது என்று நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். யாரும் எழாவிட்டாலும் ஒன்றுமில்லை. 2020இல் பாலம் மூடியபோது அவன் அந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கிக்கொண்டான். அந்த நாட்களில் சாம்பாரிலிருந்து மீன் குழம்புவரை தானே வைத்துச் சாப்பிட்டவன். சமைக்கத் தெரியாது என்று உன்னிடம் சொன்னால் நம்பாதே.

மாதம் 600 ரிங்கிட் என் கையில் கொடுக்கிறான். 450 இந்த வீட்டுக் கடனுக்கு, மீதி மாமாவின் மருந்துக்கும் போக்குவரத்துக்கும். கடன் 2029 கடைசியில் முடிகிறது. அதன்பிறகு அந்த 450ஐ வாங்க மாட்டேன். இதை எழுதுவது அவனுக்குத் தெரியும். உன் சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன். நகையும் உன்னிடமே இருக்கட்டும்.

விளக்கு வைக்க முடியாத நாட்களில் நான் சாமி அறைக்குள் போவதில்லை. அம்மா காலத்துப் பழக்கம், என்னால் விட முடியவில்லை. அந்த ஒன்றை மட்டும் இந்த வீட்டில் வைத்துக்கொள்கிறேன். சமையலறைக்கும் மற்ற இடத்துக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வெள்ளிக்கிழமை அசைவம் சமைப்பதில்லை, வெளியே சாப்பிட்டு வருவது அவரவர் விருப்பம். வெள்ளிப் பூசையைச் சாயந்திரம் நானே செய்துகொள்கிறேன். நீ வேலை முடிந்து நெரிசலில் வந்து சேருவதற்கு எட்டு மணி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் தலைத்தீபாவளி சிகாமட்டில். அடுத்த வருஷம் காலை இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானமே அங்கே புறப்படலாம் என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் புரட்டாசி மாதத்திலேயே பேசிக்கொள்வோம். மற்ற நாட்களில் அம்மாவைப் பார்க்கப் போக என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

எனக்குக் கோபம் வந்தால் பேச மாட்டேன், பாத்திரம் கொஞ்சம் சத்தமாக இருக்கும். சில நாள் அது கோபம்கூட இல்லை, கை மூட்டு வலி. எது என்று தெரியாவிட்டால் மாமாவைக் கேள், அவருக்கு வித்தியாசம் தெரியும்.

என்னை அத்தை என்று கூப்பிடுவதா, அம்மா என்று கூப்பிடுவதா என்று அன்றைக்கு நீ தடுமாறினாய். உனக்கு எது வாயில் வருகிறதோ அதுவே எனக்குச் சரி.

அன்புடன்,
அத்தை"

இந்தக் கடிதத்திலும் ஏவல் இருக்கிறது. நம்பாதே, பேசிக்கொள்ளுங்கள், மாமாவைக் கேள். ஆனால் எதுவும் அவள் தலையில் புது வேலையை ஏற்றவில்லை. தொடக்கத்தில் உள்ள நாற்காலிச் செய்தியைக் கவனியுங்கள். பாராட்டு என்றால் இந்த அளவில்தான் இருக்க வேண்டும்: அவள் உண்மையில் செய்த ஒரு காரியம், நீங்கள் கண்ணால் பார்த்தது. 'நல்ல குணவதி' என்று எழுதினால் யாருக்கும் பொருந்தும், அவளுக்கு ஒட்டாது. அப்படி ஒரு சம்பவமும் நினைவுக்கு வரவில்லை என்றால் பாராட்டை விட்டுவிட்டு அலமாரியிலிருந்து தொடங்குங்கள்.

வாக்குறுதிகளின் அளவையும் பாருங்கள். 450 ரிங்கிட், 2029, மேல் தட்டு, வெள்ளிச் சாயந்திரம். எல்லாமே அந்த அம்மாவால் செய்யக்கூடியவை. 'இந்த வீடே உன்னுடையது' என்று அவர் எழுதவில்லை. வீட்டுப் பத்திரம் மாமா பெயரில் இருக்கிறது, சிரம்பானில் ஒரு மகளும் இருக்கிறாள். கொடுக்க முடியாததைக் கொடுத்ததாக எழுதினால் பின்னால் அந்தத் தாளை யாராவது எடுத்துக் காட்டும் நாள் வரும்.

உறையின் மேல் அவள் பெயரை அவளுடைய அப்பா பெயரோடு எழுதுங்கள். மலேசியாவில் மணமானதும் பெண்ணின் மைகார்டில் பெயர் மாறுவதில்லை. பிறந்தபோது இருந்த 'அனாக் பெரம்புவான்' என்ற குறியும் அப்பா பெயரும் அப்படியே இருக்கும். 'திருமதி' போட்டு மகன் பெயரை எழுதுவது உங்களுக்கு ஆசையாக இருக்கலாம், ஆனால் தனக்கென்று வந்த முதல் கடிதத்தில் தன் பெயரையே பார்ப்பது அவளுக்கு நிறைவாக இருக்கும்.

தமிழ் வாசிப்பைப் பற்றி ஒரு சொல். தமிழ்ப்பள்ளி தொடக்கநிலையோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்கள் சரளமாகப் படிப்பார்கள், எடுக்காதவர்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். உங்கள் மருமகள் இரண்டாம் வகை என்றால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள், கூட்டெழுத்தாகச் சாய்த்து எழுதாதீர்கள், ஒரு தாளுக்கு மேல் போக வேண்டாம். தமிழே படிக்கத் தெரியாத பெண் என்றாலும், சீனக் குடும்பத்திலிருந்து வந்த பெண் என்றாலும், மலாயில் எழுதுங்கள். உங்களுக்கு வருகிற மலாய் போதும். கடிதத்தை மொழிபெயர்க்கும் வேலையை மகனிடம் கொடுத்தால், முன்பு சொன்ன அதே சிக்கல் திரும்பி வரும். குரல் பதிவாகப் பேசியும் அனுப்பலாம். ஆனால் குரலில் பேசும்போது பணக் கணக்கு நழுவிவிடும், ஆகவே அந்தப் பத்தியை மட்டுமாவது எழுத்தில் கொடுங்கள்.

கையில் கொடுப்பது எப்படி என்றால், மகன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், அவள் அறை மேசையில் வைத்துவிட்டு, வைத்திருப்பதாகச் சொன்னால் போதும். எதிரே உட்கார்ந்து படிக்கச் சொல்ல வேண்டாம். குடும்பப் புலனக் குழுவில் படம் பிடித்துப் போடவே கூடாது. போட்டால் அந்த நிமிடமே அது அவளுக்கு எழுதிய கடிதமாக இல்லாமல், ஊர் பார்க்க எழுதியதாக ஆகிவிடும். பதிலும் எதிர்பார்க்காதீர்கள். சிலர் திரும்ப எழுதுவார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் மேல் தட்டில் தங்கள் டப்பாக்களை அடுக்குவார்கள். அடுக்கினால் அதுவே பதில்.

கடிதம் தவறாகப் போய்விட்டது என்பதற்கும் அடையாளம் உண்டு. மகன் தனியாக வந்து, 'ஏன்மா அப்படி எழுதினீங்க?' என்று கேட்பது முதல் அடையாளம். இரண்டாவது, அவள் முன்பைவிட அதிகமாக அனுமதி கேட்கத் தொடங்குவது: குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கலாமா, அம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று. எங்கோ ஒரு வரி கட்டளையாக விழுந்திருக்கிறது என்று பொருள். மகனிடம் விளக்கம் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த வரி என்று அவளிடமே கேளுங்கள். அந்த வரியை எழுதும்போது என்ன நினைத்தீர்கள் என்று நியாயம் சொல்லாமல், அதற்குப் பதிலாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இன்னொரு கடிதம் வேண்டாம். திருத்தத்தையும் எழுத்தில் கொடுத்தால் வழக்குக் கட்டு மாதிரி சேரத் தொடங்கும்.

எழுதிய ஒன்றை நிறைவேற்ற முடியாமல் போகும் காலமும் வரலாம். மாமாவின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்றாகி, 2029க்குப் பிறகும் அந்த 450 தேவைப்படலாம். அப்படியானால் கடன் முடியும் மாதம்வரை காத்திருக்காமல், மருத்துவமனைத் தேதி தெரிந்த வாரமே இருவரையும் உட்காரவைத்து, எவ்வளவு தேவை, எத்தனை மாதத்துக்கு என்று கணக்கைச் சொல்லுங்கள். மகனிடம் மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டாம். கடிதத்தில் அந்தத் தொகையை அவளுக்குத்தான் எழுதிக் கொடுத்தீர்கள், ஆகவே மாறுவதையும் அவள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.